அச்சிட்ட பணி நிறைவு மடலில் சொந்தக் கையெழுத்தில் ஒரு பின்குறிப்பு: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் பணி நிறைவு பெறும் நாள் யாருக்கும் திடீரென்று வருவதில்லை. 2021 முதல் ஓய்வு வயது 60. அந்த வயது நிறைகிற மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்கள். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் மட்டும் அதற்கு முந்தைய மாதக் கடைசியிலேயே ஓய்வு பெறுவார். தேதி ஆண்டுக்கணக்கில் முன்பே தெரிந்திருந்தும், வாழ்த்து மடல் அச்சாகி வருவது பெரும்பாலும் விழாவுக்கு முந்தைய நாள் மாலையில்தான். ஒரு பழுப்பு உறைக்குள் வைத்து, ஓய்வு பெறுகிறவர் கண்ணில் படாமல், பிரிவு பிரிவாகச் சுற்றி வரும். உங்கள் மேசையில் அது இருக்கப்போவது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் யோசித்து எழுதினால் வருவது “தங்கள் பணி ஓய்வுக் காலம் இனிதே அமைய வாழ்த்துகள்” என்ற ஒரே வரிதான். அது ஏற்கெனவே மேலே அச்சில் இருக்கிறது.

பின்குறிப்பு என்பது அச்சிட்ட வாசகம் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்வதற்கான இடம். அலுவலகம் முழுவதும் கையெழுத்திட்ட மடலில், கையெழுத்துக்குக் கீழே, ஓரிரு வாக்கியத்தில், அந்த மனிதருக்கும் உங்களுக்கும் நடுவே நடந்த ஒன்றைப் பதிய வைப்பது. அதை நன்றாகச் செய்ய யோசனை, இடம், பேனா மூன்றும் சரியாக இருக்க வேண்டும். நல்ல பின்குறிப்புகள் பல கெட்டுப்போவது யோசனையில் அல்ல, பேனாவில். அதனால் அதற்கும் இங்கே நிறைய இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில், எழுதத்தான் வேண்டுமா?

எல்லோரும் பின்குறிப்பு எழுத வேண்டியதில்லை. அவரோடு நேரடியாக வேலை பார்த்தவர், அவர் மேசையில் தினமும் கோப்பு வைத்தவர், அவரிடம் வேலை கற்றவர், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் எழுதலாம். ஆறு மாதம் முன்பு மாறுதலில் வந்து, அவரோடு நாலு வார்த்தை மட்டும் பேசியவர் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை. சொல்ல எதுவும் இல்லாதபோது எழுதிய வரி, அருகில் இருக்கும் உண்மையான வரியின் கனத்தையும் குறைத்துவிடும்.

இடையில் மனக்கசப்பு இருந்தவர்களுக்கும் ஒரு சொல். மன்னிப்புக் கேட்க மடல் சரியான இடமில்லை. இருபத்தைந்து பேர் படிக்கும் தாளில் “ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னிக்கவும்” என்று எழுதினால், என்ன நடந்தது என்று மற்றவர்கள் கேட்கத் தொடங்குவார்கள். அதை நேரில், தனியாகச் சொல்லிவிடுங்கள். மடலில் கையெழுத்து போதும். உண்மையான ஒரு நல்ல நினைவு இருந்தால் அதை எழுதலாம்.

என்ன எழுதுவது

மடல் கைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஒரு துண்டுத்தாளில் மூன்று நிகழ்ச்சிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். குணங்களை எழுத வேண்டாம். “அன்பானவர்”, “பொறுமைசாலி”, “வழிகாட்டி” ஆகிய சொற்களெல்லாம் அச்சு வாசகத்தில் வந்துவிடும். நடந்ததை எழுதுங்கள்: ஒரு நாள், ஒரு பொருள், அவர் செய்த ஒரு காரியம், அவர் வாயில் அடிக்கடி வரும் ஒரு சொல்.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் உதவும். இதை அலுவலகத்தில் வேறு யாராவது எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் அதை விட்டுவிடுங்கள். இதைப் படித்ததும் அவருக்கு அந்த நாள் நினைவுக்கு வருமா, அல்லது தான் செய்தது இவ்வளவு தூரம் நின்றிருக்கிறதே என்று முதல்முறையாகத் தெரியவருமா? இரண்டில் எது நடந்தாலும் நல்லது. இரண்டாவது இன்னும் நல்லது. மூன்றாவது கேள்விதான் முக்கியமானது: இதை ஒலிபெருக்கியில் படித்தால் சரியாக இருக்குமா? விழாவில் வாழ்த்து மடலை யாராவது வாசிப்பார்கள். வாசிக்கிறவர் உற்சாகத்தில் பின்குறிப்புகளையும் சேர்த்து வாசித்துவிடுவதுண்டு. எதிரே அவருடைய கணவரோ மனைவியோ, பிள்ளைகளோ, சம்பந்தி வீட்டாரோ உட்கார்ந்திருப்பார்கள். பிறகு மடல் வீட்டுக்குப் போய் வரவேற்பறையில் நிற்கும். அங்கே யார் படித்தாலும் கூச்சப்படும்படி எதுவும் இருக்கக் கூடாது.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் எதை எழுதக் கூடாது என்பது தானே விளங்கும். கைமாற்று வாங்கியது, கடன் கொடுத்தது, உடல்நலக்குறைவு, குடும்பப் பிரச்சினையில் உதவியது ஆகியவை எவ்வளவு நன்றியோடு நினைவில் இருந்தாலும் மடலுக்கு ஆகாது. கோப்பு விவகாரமும் வேண்டாம். தணிக்கைத் தடையிலிருந்து காப்பாற்றினார், குறிப்பாணைக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தார் என்பவை எழுதியவருக்குப் பெருமையாகத் தெரியலாம். ஆனால் மடலைப் படிக்கிறவர்களில் அலுவலகத் தலைவரும் ஒருவர். வேறு ஒரு அதிகாரியைக் குறைத்துப் பேசி இவரை உயர்த்துவதும் அப்படித்தான். “உங்களுக்குப் பிறகு இந்தப் பிரிவு என்ன ஆகுமோ” என்ற வரி, அடுத்த நாள் அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவரின் கண்ணிலும் படும்.

கேலியைப் பொறுத்தவரை, அவர் தானே சிரித்துக்கொண்டு சொல்கிற விஷயத்தை மட்டும் தொடுங்கள். அவர் டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இனிப்பு பிஸ்கட்டை எடுப்பார் என்பது அவருக்கே தெரிந்த வேடிக்கை. அவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பட்டப்பெயர் அப்படி அல்ல.

“அடிக்கடி வந்து பார்ப்பேன்” என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போய்ப் பார்ப்பதில்லை. அந்த வரி மட்டும் சுவரில் நின்று ஒவ்வொரு ஆண்டும் அதை நினைவூட்டும். “இனியாவது ஓய்வெடுங்கள்” என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. பெண்ணின் கல்யாணம் முடியாமல், வீட்டுக் கடன் தீராமல் ஓய்வு பெறுகிறவருக்கு அது சற்றே வலிக்கலாம்.

எப்படி அழைப்பது

அச்சு வாசகத்தில் “தாங்கள்” என்று இருக்கும். பின்குறிப்பில் “நீங்கள்” போதும். நேரில் “சார்” என்று அழைத்தவரை மடலில் திடீரென்று “ஐயா அவர்களே” என்றால் அது உங்கள் குரலாகவே இருக்காது. மேடம் என்றால் மேடம், அம்மா என்றால் அம்மா, அக்கா என்றால் அக்கா. ஒரே ஒரு எச்சரிக்கை: நேரில் “வாங்க போங்க” என்று பேசாமல் உரிமையோடு “டா” போட்டுப் பழகியிருந்தாலும், மடலில் “நீங்கள்” என்றே எழுதுங்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் படிக்கப்போகும் தாள் அது. ஓய்வு பெறுகிறவர் அலுவலக உதவியாளரோ, இரவுக் காவலரோ, ஓட்டுநரோ ஆனாலும் இதே மரியாதைதான். மேலதிகாரி தன் கீழ் வேலை பார்த்தவருக்கு எழுதும்போது இது இன்னும் அவசியம்.

மொழி எழுத்து வழக்கிலேயே இருக்கட்டும், ஆனால் எளிமையாக. அவர் சொன்ன சொல்லை மேற்கோளாகக் காட்டும்போது மட்டும் பேச்சு வழக்கை அப்படியே விடலாம். “‘பார்த்துக்கலாம், விடுங்க’ என்று நீங்கள் சொன்னால் பாதி வேலை முடிந்தது போல இருக்கும்” என்ற வரியில் “விடுங்க” என்பதை “விடுங்கள்” என்று திருத்தினால் அவர் குரல் போய்விடும்.

எவ்வளவு எழுதலாம்: ஒரு மடலை அளந்து பார்ப்போம்

வழக்கமாக வருகிற மடல் ஏ4 தாளை நடுவில் மடித்தது. மடித்த பிறகு ஒரு பக்கம் 14.8 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம். நான்கு பக்கமும் ஓரம் விட்டால் எழுதக் கிடைப்பது சுமார் 12-க்கு 18 செ.மீ. திறந்ததும் இடப்பக்கம் அச்சு வாசகம், வலப்பக்கம் கையெழுத்துகள் என்பதே பொதுவான அமைப்பு.

வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் 28 பேர் கையெழுத்திடுவதாக வைத்துக்கொள்வோம். வலப்பக்கத்தை நான்கு பத்தி, ஏழு வரிசையாகப் பிரித்தால் ஒருவருக்குக் கிடைப்பது 3 செ.மீ. அகலமும் இரண்டரை செ.மீ. உயரமும். நடுத்தர அளவில் கையால் எழுதிய ஒரு தமிழ்ச்சொல்லே இரண்டு செ.மீ.க்கு மேல் ஓடும். அதனால் அந்தக் கட்டத்துக்குள் கையெழுத்தும் பெயரும் மட்டுமே அடங்கும். அதற்குள் பின்குறிப்பைத் திணிக்கப் பார்க்கிறவர்கள்தான் பக்கத்துக் கட்டத்தில் ஏறி, தாளைச் சாய்த்து, கடைசி வரியை ஓரத்தில் செங்குத்தாக எழுதி முடிக்கிறார்கள்.

பின்குறிப்புக்கு உரிய இடம் இடப்பக்கத்தின் அடிப்பகுதி. அச்சு வாசகம் “இங்ஙனம், அலுவலகப் பணியாளர்கள்” என்று முடிந்த பிறகு பொதுவாக ஐந்தாறு செ.மீ. காலியாக இருக்கும். தமிழ் எழுத்தை 4 மி.மீ. உயரத்தில் எழுதினால் வரிக்கு வரி 8 மி.மீ. இடைவெளி வேண்டும். மேல்வரியின் “கு”, “ழு”, “ஞ” ஆகியவை கீழே இறங்கும், கீழ்வரியின் “கி”, “ரீ” மேலே ஏறும். இடைவெளியைக் குறைத்தால் இரண்டும் சிக்கிக்கொண்டு “தி” எது “தீ” எது என்று தெரியாமல் போகும். 12 செ.மீ. அகலத்தில் வரிக்கு ஐந்து சொல் வரும். மூன்று வரி என்றால் பதினைந்து, நான்கு வரி என்றால் இருபது. ஆக, உங்கள் பின்குறிப்பின் அளவு 12 முதல் 20 சொல். ஆறு செ.மீ. உயரத்தில் மூன்று வரிப் பின்குறிப்புகள் இரண்டு இடைவெளியோடு அமையும். மூன்றாமவரும் நான்காமவரும் பின்அட்டையில் எழுதலாம். யார் எங்கே எழுதுவது என்பதை மடல் சுற்றத் தொடங்கும் முன்பே பேசிக்கொள்வது நல்லது. மூத்தவருக்கு முதலிடம் என்ற முறை இதற்கும் பொருந்தும். வட்டாட்சியர் கையெழுத்திடும் முன் பின்குறிப்பை எழுத வேண்டாம். அவரே ஏதாவது எழுத நினைத்திருப்பார், இடம் போயிருக்கும்.

மடலுக்குச் சட்டம் போடப்போகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தின் விளிம்பு நான்கு பக்கமும் அரை செ.மீ. அளவுக்குத் தாளை மறைக்கும். உள்ளே மவுண்ட் அட்டை வைத்தால் இன்னும் கூடுதலாக மறையும். ஓரத்தை ஒட்டி எழுதிய வரியின் முதல் எழுத்துகள் அதற்குள் போய்விடும். ஓரத்திலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளியே தொடங்குங்கள். மடிப்பு மடலைச் சட்டம் போட்டால் ஒரு முகம் மட்டுமே வெளியே தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படியானால் பின்அட்டையில் எழுதியது சுவரை நோக்கியே இருக்கும்.

ஒரு பின்குறிப்பு உருவாகும் விதம்

அதே வட்டாட்சியர் அலுவலகம். ஓய்வு பெறுகிறவர் தலைமையிடத்துத் துணை வட்டாட்சியர். எழுதுகிறவர் மூன்று ஆண்டுகள் அவருக்குக் கோப்பு வைத்த இளநிலை உதவியாளர். முதல் முயற்சி இப்படி வருகிறது:

“மேடம், நீங்கள் எனக்கு ஒரு நல்ல வழிகாட்டியாக இருந்து, வேலையைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்து, எப்போதும் ஊக்கமளித்து வந்ததை வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டேன். தாங்கள் நீடூழி வாழ இறைவனை வேண்டுகிறேன்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எழுதியவரின் பெயரை எடுத்துவிட்டு யாருடைய பெயரைப் போட்டாலும் பொருந்தும். “நீங்கள்” என்று தொடங்கியது “தாங்கள்” என்று முடிகிறது. அச்சில் உள்ள வாழ்த்து மறுபடி வருகிறது. “பொறுமையாகக் கற்றுக்கொடுத்து” என்ற இடத்தில்தான் ஏதோ உண்மை ஒளிந்திருக்கிறது. அங்கே நின்று கேட்க வேண்டும்: எந்த நாள்? என்ன செய்தார்? 

வேலையில் சேர்ந்த முதல் வாரம் இவர் எழுதிய வரைவு முழுக்கத் தப்பு. மேடம் அதைக் கிழித்துப் போடவில்லை, திட்டவில்லை. மேசையிலிருந்த பென்சிலை எடுத்து வரிக்கு வரி திருத்தி, “இதைப் பார்த்து நீங்களே இன்னொரு தடவை எழுதுங்க” என்று திருப்பிக் கொடுத்தார். பேனாவில் திருத்தியிருந்தால் அடுத்து பார்க்கிறவர்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டாவது முயற்சி:

“மேடம், நான் பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் எழுதிய வரைவில் நிறையத் தவறுகள் இருந்தன. நீங்கள் அதைக் கிழிக்காமல் பென்சிலில் திருத்தி, மீண்டும் எழுதச் சொன்னீர்கள். அதனால்தான் இன்று நான் நன்றாக வரைவு எழுதுகிறேன். மிக்க நன்றி.”

நிகழ்ச்சி வந்துவிட்டது. ஆனால் 27 சொல் ஆகிவிட்டது. “நன்றாக எழுதுகிறேன்” என்பது தன்னைப் பற்றிய பாராட்டாகத் திரும்புகிறது. “நிறையத் தவறுகள்” சொல்லத் தேவையில்லை, திருத்தினார் என்றாலே அது புரியும். “மிக்க நன்றி” என்பதையும் எடுத்துவிடலாம், நன்றிதான் முழு வரியும். மூன்றாவது:

“பி.கு.: மேடம், முதல் வாரம் நான் எழுதிய வரைவைக் கிழிக்காமல் பென்சிலில் திருத்தித் தந்தீர்கள். இன்றும் எழுதி முடித்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.”

பதினாறு சொல், நான்கு வரிக்குள் அடங்கும். முதல் வாக்கியம் அவர் செய்தது, இரண்டாவது அது இன்றும் எங்கே நிற்கிறது என்பது. பெரும்பாலான நல்ல பின்குறிப்புகளுக்கு இந்த இரண்டு வாக்கியமே போதும். ஒலிபெருக்கியில் படித்தாலும் யாருக்கும் உறுத்தாது. வீட்டில் இருப்பவர்களுக்கும் விளக்கம் இல்லாமலே புரியும். “வரைவு” என்ற அலுவலகச் சொல் மட்டும் சற்றுப் புதிதாக இருக்கலாம், ஆனால் “எழுதிய”, “திருத்தி” என்ற சொற்கள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. உங்கள் வரியில் தன்பதிவேடு, ஜமாபந்தி போன்ற சொல் வந்தால், வீட்டாருக்குப் புரிய அருகிலேயே ஒரு எளிய சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதியதை அலுவலகத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கண் தாண்டிப் போகும் ஒற்றுப்பிழைகளும் அப்போதுதான் பிடிபடும். “திருத்தி தந்தீர்கள்” அல்ல, “திருத்தித் தந்தீர்கள்”. சுவரில் இருபது ஆண்டு நிற்கப்போகும் வரி, அதனால் இந்த ஒரு நிமிடம் வீணல்ல.

தாளும் பேனாவும்

மடல் அச்சிடக் கொடுக்கப் போகிறவரிடம் முன்பே இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் வராது. அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு எடுப்பது வழக்கம், அதன் மேல் பளபளப்புக்காக லேமினேஷன் படலம் ஒட்டுவார்கள். “வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன், உள்பக்கம் வேண்டாம்” என்று சொல்லுங்கள். அதோடு, எழுதப்போகும் இடத்தில் அடர்ந்த நிறமோ, மயிலிறகுப் படமோ வேண்டாம், வெள்ளையாகவோ மிக வெளிர்ந்த நிறமாகவோ விடும்படி கேளுங்கள். ஒரு படி அதிகமாகவும் அச்சிடச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது படி பேனாவைச் சோதிக்கவும், எழுதிப் பழகவும், ஏதாவது ஆகிவிட்டால் மாற்றாகவும் பயன்படும்.

இனி, கைக்கு வந்த தாள் எது என்று பாருங்கள்.

மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாள் என்றால் கவலையில்லை. விரலால் தடவினால் நோட்டுத்தாள் போலச் சற்றே சொரசொரப்பாக இருக்கும். 0.7 மி.மீ. பால் பேனா நன்றாக எழுதும். ஜெல் பேனாவும் மையைத் தாள் இழுத்துக்கொள்வதால் சீக்கிரம் காயும். இதில் நிரந்தர மை மார்க்கர் மட்டும் வேண்டாம். மை பரவி எழுத்தின் கரை மங்கி, பின்பக்கமும் தெரியும்.

ஆர்ட் கார்டில் படலம் இல்லாவிட்டாலும் மேலே ஒரு வழவழப்பான பூச்சு உண்டு. அதனால் ஜெல் மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். எழுதி ஒரு நிமிடம் கழித்தும் விரல் பட்டால் இழுபடும். இதில் பால் பேனாதான் பாதுகாப்பு. அது தொடக்கத்தில் மை விடாமல் போனால் வேறு தாளில் நாலு சுழி போட்டுவிட்டு வந்து எழுதுங்கள், மடலிலேயே அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஃபவுண்டன் பேனா இந்தத் தாளுக்குப் பொருந்தாது.

உள்பக்கமும் லேமினேஷன் போட்டுவிட்டார்கள் என்றால் நீங்கள் எழுதுவது தாளின் மேல் அல்ல, பிளாஸ்டிக்கின் மேல். பளபளப்போ மேட்டோ, இரண்டும் பிளாஸ்டிக்தான். பால் பேனா வழுக்கும், ஜெல் மை எத்தனை மணி நேரம் வைத்தாலும் விரலோடு வந்துவிடும். இங்கே நிரந்தர மை மார்க்கர் ஒன்றுதான் வழி. ஆனால் பார்சலில் முகவரி எழுதும் தடித்த மார்க்கர் தமிழுக்கு ஆகாது. “ண”, “ஞ”, “ழ” ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புப் புள்ளியாகிவிடும். சி.டி.யில் எழுதுவதற்கென்று விற்கிற மெல்லிய முனை மார்க்கரைக் கேட்டு வாங்குங்கள், முனை அரை மி.மீ. அளவில் இருக்கட்டும். எழுத்தை 4 மி.மீ.க்குப் பதில் 5 மி.மீ. ஆக்கி, வரிக்கு ஒரு சொல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பேனாவானாலும் சோதிக்கும் முறை ஒன்றே. அதிகப் படியில், அது இல்லாவிட்டால் எழுதப்போகும் பக்கத்தின் மூலையில் சிறிதாக, “ணு” என்று ஓர் எழுத்தை எழுதி, முப்பது எண்ணிவிட்டு விரலால் குறுக்கே இழுங்கள். கோடு நகராவிட்டால் எழுதலாம். நகர்ந்தால் பேனாவை மாற்றுங்கள்.

அழித்து எழுதும் ஜெல் பேனாவை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். அதன் மை சூட்டில் நிறம் இழக்கும்படி செய்யப்பட்டது, சுமார் 60 டிகிரி செல்சியஸில் மறைந்துவிடும். எல்லோரும் கையெழுத்திட்ட பிறகு “பத்திரமாக இருக்கட்டும்” என்று யாராவது மடலைச் சூட்டு லேமினேஷனுக்குக் கொடுத்தால், அந்த இயந்திரத்தின் சூடு 100 டிகிரிக்கு மேல் இருக்கும். உள்ளே போன பின்குறிப்பு வெளியே வரும்போது வெறும் வெள்ளைத்தாளாக இருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மடலை வைத்தாலும் இதே நடக்கலாம். சாதாரண ஜெல் மை மறையாது, ஆனால் முழுதாகக் காயாமல் சூட்டு லேமினேஷனுக்குப் போனால் ஈரம் சிக்கிக் கொப்பளம் போல எழும்பும், மை பரவும். எழுதி ஒரு இரவு கழித்துக் கொடுப்பது நல்லது.

எழுதும்போது

தாளை மேசையில் சமமாக வைத்து, அடியில் ஒரு கோப்பு அட்டையை வையுங்கள். மடிப்பின் மேடு பேனாவைத் தடுமாற வைக்கும். பென்சிலால் கோடு போடுவதென்றால் மிக லேசாகப் போடுங்கள். பிளாஸ்டிக் படலத்தில் பென்சில் பிடிக்காது, அங்கே ஓர் அளவுகோலை வரியின் அடியில் வைத்துக்கொண்டு எழுதலாம். இன்னொரு வெள்ளைத்தாளைக் கைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பிறர் போட்ட கையெழுத்தில் மணிக்கட்டு பட்டு இழுபடாமல் இருக்கும். இடக்கையால் எழுதுகிறவர்களுக்கு இது மிக அவசியம், தான் எழுதிய எழுத்தின் மேலேயே கை நகரும்.

“பி.கு.” என்று தொடங்குங்கள். வலப்பக்கத்தில் உங்கள் கையெழுத்து இருந்தாலும், பின்குறிப்பின் முடிவில் ஒரு சிறு கோடிட்டுப் பெயரைப் படிக்கும்படி எழுதுங்கள். சுருக்கொப்பம் மட்டும் போட்டால், பத்து ஆண்டு கழித்து அது யாருடையது என்று அவருக்கே தெரியாது. ஒரே பெயரில் இருவர் இருந்தால் தலைப்பெழுத்தோ பிரிவின் பெயரோ சேர்த்துக்கொள்ளலாம்.

தவறு நேர்ந்தால்

வெள்ளை மை பூச வேண்டாம். வழவழப்பான அட்டையில் அது காய்ந்து செதிலாக உதிரும், அதற்கு முன் கண்ணுக்கு அதுதான் முதலில் தெரியும். ஓர் எழுத்து விட்டுப்போனால் மேலே சிறிதாகச் செருகிவிடுங்கள். ஒரு சொல்லே தவறிவிட்டால் ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு அடுத்த சொல்லை எழுதுங்கள். பிளேடால் சுரண்டினால் பூச்சு எழும்பி, அங்கே புதிய மை பரவும்.

லேமினேஷன் மேல் மார்க்கரால் எழுதியதில் தவறு வந்தால் மட்டும் ஒரு வசதி உண்டு. காது சுத்தம் செய்யும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட்டையோ, கைகழுவும் சானிடைசரையோ லேசாகத் தொட்டு, அந்த எழுத்தை மட்டும் துடைத்தால் போய்விடும். அச்சு படலத்துக்கு அடியில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சொட்டு விடாதீர்கள். அருகில் இருக்கும் கையெழுத்தும் அதே மார்க்கரில் போட்டதுதான், அதுவும் கரைந்து ஓடிவிடும். துடைத்த இடம் முழுதாகக் காய்ந்த பிறகே மறுபடி எழுத வேண்டும். படலம் இல்லாத தாளில் இதைச் செய்யவே கூடாது. அச்சு மையும் கலங்கும்.

கைமாற்றும் முன்

எழுதியதும் மடலை மூடிவிடுவதுதான் கடைசி நேரத்தில் நடக்கும் பெரிய தவறு. இடப்பக்கத்து ஈரம் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் கையெழுத்துகளின் மேல் தலைகீழாகப் பதிந்துவிடும். வட்டாட்சியரின் கையெழுத்து மேல் உங்கள் “பென்சில்” கண்ணாடி பிம்பமாகத் தெரியும். பால் பேனாவுக்கு இரண்டு மூன்று நிமிடம், ஆர்ட் கார்டில் ஜெல் பேனா என்றால் அரை மணி நேரம் திறந்தே வையுங்கள். மின்விசிறிக்குக் கீழே வைப்பதென்றால் நான்கு மூலையிலும் ஏதாவது கனம் வையுங்கள். பிறகு நடுவில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து மடித்து, உறையில் போட்டு, உறையின் மேல் “உள்ளே தாள் இருக்கிறது, எடுக்க வேண்டாம்” என்று பென்சிலில் எழுதி அடுத்த மேசைக்குக் கொடுங்கள். விழா மேடைக்குப் போகும் முன் அந்தத் தாளை எடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.